தாளம் சேர்த்து அனுப்பும் ரேடியோ

வீட்டுக்கு வெளியே தொங்கும் வெப்பநிலை சென்சார் ஒன்று, உள்ளே இருக்கும் சின்னத் திரைக்கு 433.92 மெகாஹெர்ட்ஸில் எண்களை அனுப்புகிறது. அது ரேடியோவை அணைத்து அணைத்துப் போடுவதுதான் அதன் மொழி. இரண்டு கருவிகளுக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. விலை குறைந்த மைக்ரோகண்ட்ரோலருக்குள் ஓடும் கடிகாரமோ வெயிலுக்கும் பேட்டரி இறக்கத்துக்கும் ஏற்ப சில சதவீதம் முன்பின் போகும்.

1-க்கு ரேடியோவைப் போட்டும் 0-க்கு அணைத்தும் நேராக அனுப்பினால் என்ன ஆகும்? தொடர்ந்து இருபது 0 வந்தால் இருபது பிட் நேரமும் மௌனம். ரிசீவரின் கடிகாரம் 5 சதவீதம் பிசகினால் அதை 19 என்றோ 21 என்றோ எண்ணிவிடும்.

இன்னொரு சங்கடம் ரிசீவருக்குள்ளேயே இருக்கிறது. வரும் சிக்னல் பலமா பலவீனமா என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒரு கெபாசிட்டரில் சிக்னலின் சராசரியை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே இருந்தால் 1, கீழே இருந்தால் 0 என்று தீர்மானிக்கிறது. மௌனம் நீண்டால் சராசரி சரிந்து இரைச்சலின் மட்டத்துக்கே வந்துவிடும். பிறகு வெறும் இரைச்சலே தாறுமாறான 1-களாகக் கொட்டும்.

மான்செஸ்டர் முறை இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆரம்பகாலக் கணினியில், காந்த உருளையில் தகவலை எழுதுவதற்காக உருவானது இது, பெயரும் அங்கிருந்தே. ஒவ்வொரு பிட்டையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் பாதி அணைந்து, மறுபாதி எரிந்தால் 1. எரிந்து அணைந்தால் 0. எந்தப் பிட் ஆனாலும் நடுவில் ஒரு மாற்றம் கட்டாயம் உண்டு. பாதி நேரம் எரிவதால் சராசரியும் நடுவிலேயே நிற்கிறது.

நொடிக்கு 1000 பிட் என்று வைத்துக்கொள்வோம். அரைப்பிட் 500 மைக்ரோநொடி. அப்படியானால் இரண்டு மாற்றங்களுக்கு இடைப்பட்ட நேரம் 500 அல்லது 1000. வேறொன்றும் வர முடியாது. ரிசீவர் 750-ஐ எல்லையாக வைத்துக் குட்டை, நெட்டை என்று பிரித்தால் போதும். கடிகாரம் 10 சதவீதம் பிசகினாலும் 550, 1100 என்றுதான் தெரியும். ஒவ்வொரு மாற்றத்திலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்குவதால் பிழை சேர்வதில்லை.

தொடர்ந்து 1-களோ 0-களோ வந்தால் குட்டை இடைவெளிகள் மட்டுமே வரும். எது பிட்டின் நடு, எது எல்லை என்று புரியாது. முதல் நெட்டை இடைவெளி அதைச் சொல்லிவிடும், ஏனென்றால் அது முடிகிற இடம் நிச்சயம் பிட்டின் நடுதான். ரிசீவர் நிதானத்துக்கு வர, தகவலுக்கு முன்னால் இப்படியான குட்டை மாற்றங்களைக் கொஞ்சம் அனுப்புவதும் உண்டு.

விலை? அதே தகவலுக்கு இரு மடங்கு மாற்றங்கள், அதாவது இரு மடங்கு அலைவரிசை அகலம். வெப்பநிலை சொல்ல இது ஒரு பொருட்டில்லை. இரைச்சல் ஒரு பிட்டைப் புரட்டிப்போட்டால் மான்செஸ்டர் எப்போதும் கண்டுபிடிக்காது. அதற்குச் செக்சம் தனியே வேண்டும். எது 1, எது 0 என்பதில் நேர்மாறான இரண்டு மரபுகள் புழக்கத்தில் உள்ளன. இடைவெளிகள் எல்லாம் சுத்தமாக வந்தும் செக்சம் ஒருமுறைகூடப் பொருந்தவில்லையா? பிட்டுகளைத் தலைகீழாக்கிப் பாருங்கள்.