அடுத்த பேட்டி யாரிடம்?

1960-களில் சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளை பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் சுற்றி வந்தார்கள். சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளிக்குத் தன் நிலை தெரியுமா, தெரிந்தால் சுற்றியிருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அவர்கள் கேள்வி.

எந்த வார்டுக்கு ஏன் போனார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் குறைமாதக் குழந்தைகள் பிரிவு, அடுத்து நினைவிழந்தவர்கள் அதிகமிருந்த நரம்பு அறுவைப் பிரிவு. இரண்டிலும் நோயாளிக்குத் தன் நிலை தெரிய வாய்ப்பு மிகக் குறைவு. பிறகு, எல்லோரும் எதிர்பார்க்க மரணம் வேகமாக வரும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதற்கடுத்து புற்றுநோய் வார்டு: மரணம் மெல்ல வரும், ஊழியர்களுக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். பின்னர், எதிர்பாராமல் சாவு வரும் அவசரப் பிரிவு. உருவாகிக்கொண்டிருந்த விளக்கத்தை உரசிப் பார்க்க எந்த இடம் உதவுமோ, அங்கே போனார்கள்.

1965-இல் வந்த அவர்கள் நூல் நான்கு நிலைகளைச் சொன்னது: நோயாளிக்குத் தெரியாதது, அவர் சந்தேகப்படுவது, இரு தரப்புக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் நடிப்பது, வெளிப்படையாகப் பேசுவது. நூல் இந்தப் பட்டியலோடு நிற்கவில்லை. எந்தச் சூழலில் ஒரு நிலை நீடிக்கிறது, எப்போது அடுத்ததாக மாறுகிறது என்றும் விளக்கியது. இந்த ஆய்வு முறைக்கு 1967-இல் அவர்கள் தனி நூலே எழுதினார்கள். அதுதான் ‘கிரவுண்டட் தியரி’, தரவிலிருந்து கோட்பாட்டைக் கட்டும் முறை.

கருப்பொருள் பகுப்பாய்வு வேறு ரகம். விர்ஜினியா பிரவுன், விக்டோரியா கிளார்க் என்ற உளவியலாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரை வழியாக இது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. பேட்டிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பது, வரிகளுக்குக் குறியீடு இடுவது, குறியீடுகளைச் சேர்த்துக் கருப்பொருள்களாக்குவது, அவற்றைத் தரவோடு ஒப்பிட்டுத் திருத்துவது, பெயரிடுவது, எழுதுவது என்று ஆறு கட்டங்கள். பேட்டியெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தாலும் தவறில்லை. கோட்பாடு பிறக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கற்பனையாக ஒரு செவிலியர் பேச்சை எடுத்துக்கொள்ளலாம்: “அவர் ஏதாவது கேட்டுடுவாரோன்னு, ஊசி போட்டதும் வெளிய வந்துடுவேன்.” இரண்டு முறையிலும் ‘கேள்விக்கு இடம் தராமல் விலகுதல்’ என்றே குறியீடு இடலாம். பாதை பிரிவது அதன் பிறகுதான். கருப்பொருள் பகுப்பாய்வு செய்பவர், மற்றப் பேட்டிகளில் இதன் சாயல்களைத் தேடி, ‘மௌனமே இரக்கமாகிறது’ என்பதுபோல் ஒரு கருப்பொருளுக்கு வரலாம். கிரவுண்டட் தியரிக்காரர் அன்றிரவே ஒரு குறிப்பு எழுதுவார்: அவசரத்தில் விலகுகிறாரா, பயத்தில் விலகுகிறாரா? நோயாளியோடு நீண்ட நேரம் இருந்தே ஆக வேண்டிய ஊழியர் என்ன செய்வார்? அடுத்த பேட்டி, இரவு முழுக்கப் படுக்கையருகே இருக்கும் உதவியாளரிடம் நடக்கும்.

ஆய்வுக் கட்டுரையில் தெரிய வேண்டியதும் இந்த வேறுபாடுதான். கிரவுண்டட் தியரி என்று எழுதினால் கிளேசர் வழியா, ஸ்ட்ராஸ்–கோர்பின் வழியா, சார்மாஸ் வழியா என்று சொல்ல வேண்டும். எந்தக் கண்டுபிடிப்பு அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்க வைத்தது என்பதற்கு ஓரிரு உதாரணங்களாவது வேண்டும். தரவு போதுமான நிலையை எட்டியது என்றால், எந்த வகைமை எப்படி நிறைவடைந்தது என்று காட்ட வேண்டும். முடிவுப் பகுதியில் ஒரு மையக் கருத்தும் அது இயங்கும் விதமும் இருக்க வேண்டும்.

மற்றதில் பார்க்க வேண்டியவை வேறு. பிரவுன்–கிளார்க் வழியில் கருப்பொருளை உருவாக்குபவர் ஆய்வாளர்; ஆகவே ‘கருப்பொருள்கள் வெளிப்பட்டன’ என்று எழுதுவது அவர்களுக்கு ஆகாது. ஆய்வாளர் தானே செவிலியராக இருந்தவரா, அது வாசிப்பை எப்படிப் பாதித்தது என்று எழுத வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு ஒற்றுமைச் சதவீதம் போடுவதும் இந்த வழிக்குப் பொருந்தாது. முன்கூட்டியே குறியீட்டுப் பட்டியல் வைத்துச் செய்யும் வேறு வகைகளில் அதற்கு இடம் உண்டு. மதிப்பீட்டாளர் அந்த எண்ணைக் கேட்டால், அவசரமாகக் கணக்குப் போட்டுச் சேர்ப்பதைவிட ஏன் இல்லை என்று விளக்குவதே முறை.

பலவீனமான கட்டுரையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கருப்பொருள் தலைப்புகளும் பேட்டியில் கேட்ட கேள்விகளும் ஒன்றாகவே இருந்தால், ‘செவிலியர் சந்திக்கும் சவால்கள்’ என்பதுபோல், அங்கே பதில்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். இருபது பேரை முதலிலேயே முடிவு செய்து, எல்லோரிடமும் பேசி முடித்து, பிறகு குறியீடு இட்டுவிட்டு கிரவுண்டட் தியரி என்று பெயர் சூட்டுவது இன்னொரு வகை. அந்த ஆய்வு வீணல்ல. முறைப் பகுதியில் ‘கருப்பொருள் பகுப்பாய்வு’ என்று திருத்தி, அதன் எந்த வகை என்றும் எழுதிவிட்டு அனுப்பலாம்.