எட்டுக்கு எட்டில் ஒரு மாஸ் டிரில்

விளையாட்டு விழாவில் அணிவகுப்பு குலைந்தால் பெரும்பாலும் பிள்ளைகள் காரணமல்ல, கட்டளைதான். 'ஐஸ் ரைட்' என்பதை ஒரே மூச்சில் சொன்னால் சிலர் முந்தித் திரும்புவார்கள், சிலர் பிந்துவார்கள். 'ஐஸ்' என்று நீட்டி எச்சரித்து, சற்று இடைவெளி விட்டு, 'ரைட்' என்று வெட்டிச் சொல்ல வேண்டும். அப்போதும் வலது ஓர வரிசை தலையைத் திருப்பக் கூடாது. நேரே பார்த்து நடக்கும் அந்த வரிசையை வைத்துத்தான் மற்றவர்கள் கோடு பிடிக்கிறார்கள்.

அடுத்து மாஸ் டிரில். 64 பேர் என்றால் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர். நீட்டிய கைகள் இடிக்காதிருக்க 2 மீட்டர் இடைவெளி விட்டால், 14 மீட்டர் சதுரம் போதும். ஆளுக்கொரு சுண்ணாம்புப் புள்ளி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசையும் தன் புள்ளிக்கோட்டில் நடந்து வரட்டும். முதல் பிள்ளை கடைசிப் புள்ளியில் நின்றால் மற்றவர்கள் தானாகவே அவரவர் இடத்தில் நிற்பார்கள். இதற்குத் தனிக் கட்டளையே வேண்டாம்.

பயிற்சி ஒன்றுக்கு 16 எண்ணிக்கை. எட்டு வலப்பக்கம், எட்டு இடப்பக்கம். நான்கு பயிற்சிகள் போதும். மனப்பாடமாகாத பிள்ளை பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யும். அப்போது கைகள் ஒன்றாக உயராமல் அலைபோல் ஒன்றன்பின் ஒன்றாக உயரும். ஒத்திகையில் அந்த அலையைக் கண்டால் ஒரு பயிற்சியை எடுத்துவிடுங்கள்.