எந்த நூற்றாண்டுக் கூரை?

லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயம் ஒரே காலத்தில் எழுந்ததல்ல. 11ஆம் நூற்றாண்டில் நார்மானியர்கள், அருகே பாழடைந்து கிடந்த ரோமானிய நகரத்துச் செங்கற்களை எடுத்துவந்து அதன் கோபுரத்தைக் கட்டினார்கள். பின்வந்த ஒவ்வொரு தலைமுறையும் அதில் தன் பங்கைச் சேர்த்தது.

1870இல் அந்தக் கோபுரத்தைத் தாங்கும் தூண்கள் நொறுங்கத் தொடங்கின. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் மரங்களால் முட்டுக்கொடுத்து, நொறுங்கிய இடங்களைக் கெட்டிப்படுத்திக் கோபுரத்தைக் காப்பாற்றினார். அதே ஸ்காட் வேறு தேவாலயங்களில், பிற்காலத்தில் சேர்ந்தவற்றை நீக்கிப் பழைய பாணிக்குத் திருப்புவதில் ஆர்வம் காட்டியவர். டூக்ஸ்பரி தேவாலயத்துக்கு அவர் போட்ட திட்டம் வில்லியம் மோரிஸைக் கொதிக்கவைத்தது. 1877இல் பழங்கட்டடங்களைக் காக்க மோரிஸ் ஒரு சங்கம் தொடங்கினார். ஒழுகினால் கூரையை அடை, சாய்ந்தால் முட்டுக்கொடு, அதற்கு மேல் கைவைக்காதே என்பதே அதன் நிலைப்பாடு.

1878இல் ஸ்காட் இறந்தார். செயின்ட் ஆல்பன்ஸில் பிரச்சினை கூரையில் வெடித்தது. நடுக்கூடத்தின் மேல் 15ஆம் நூற்றாண்டில் போட்ட, ஈயத்தகடு வேய்ந்த, அதிகச் சரிவில்லாத கூரை இருந்தது. எட்மண்ட் பெக்கெட் என்ற செல்வந்த வழக்கறிஞர் அதை அகற்றிச் செங்குத்தான கூரை போட விரும்பினார். பிக் பென் கடிகாரத்தின் இயந்திரத்தை வடிவமைத்தவர் அவர்தான். முற்காலக் கூரை முட்டிய தடம் கோபுரச் சுவரில் தெரிந்தது அவருக்குச் சாதகமாக அமைந்தது.

தடம் உண்மையானதுதான். ஆனால் அது சொல்வது சரிவின் அளவை மட்டுமே. அந்தத் தடத்தை மதிப்பதற்காக, நானூறு ஆண்டுகளாக நின்ற இன்னொரு கூரையை ஏன் பலியிட வேண்டும்? உத்திரத்தின் நுனி உளுத்திருந்தால் அந்த நுனியை மட்டும் அறுத்துப் புது ஓக் மரத்தை ஒட்டுப்போடலாம். மோரிஸ் தரப்புக்கு உகந்த வழி அதுதான்.

பெக்கெட் வென்றார். செலவைத் தானே ஏற்றதால் அவர் கை ஓங்கியது. மேற்கு முகப்பில் அவர் செய்ததற்குச் சுவர்த்தடத்தின் ஆதாரம்கூடக் கிடையாது. 15ஆம் நூற்றாண்டின் பெரிய சன்னலை எடுத்துவிட்டு, தானே வரைந்த வடிவில் முகப்பைக் கட்டினார். வடக்குச் சிறகில் இருந்த பழைய சன்னலும் போய், வட்டங்களை அடுக்கிய புதுச் சன்னல் வந்தது. மீட்பு என்ற பெயரில் நடந்தாலும் இது 1880களின் ஒரு மனிதரது ரசனை.

கட்டடம் மோசமான நிலையில் இருந்தபோது பணம் போட முன்வந்தவர் பெக்கெட் என்பதை மறுக்க முடியாது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியே பழைய மரத்தையும் கல்லையும் ஒட்டுப்போடப் போதுமானதாக இருந்திருக்கலாம். அகற்றிய சன்னலின் கல்வேலைப்பாட்டை இன்று பழைய படங்களில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.