யார், எந்தத் தேதிக்குள்?

உள் தணிக்கை அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் கீழே ‘நிர்வாகத்தின் பதில்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அடிக்கடி கண்ணில் படுவது இப்படி ஒரு பதில்: “கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது. கட்டுப்பாடுகள் விரைவில் வலுப்படுத்தப்படும்.” யார் வலுப்படுத்துவார்? ‘-ப்படும்’ என்று முடிந்தால் செய்கிற ஆளைச் சொல்லாமலே வாக்கியம் நிறைந்துவிடுகிறது. அந்த வசதிதான் இங்கே ஆபத்து.

ஓர் உதாரணம் பார்ப்போம். சப்ளையர் தன் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகக் கடிதம் அனுப்பினால், கோப்பில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் செய்து உறுதி செய்ய வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. கடிதத்தில் உள்ள எண்ணுக்குச் செய்தால், கடிதம் அனுப்பிய மோசடிக்காரரே போனை எடுப்பார். தணிக்கையாளர் 25 மாற்றங்களைப் பார்த்தார். 9-க்குப் போன் செய்த பதிவே இல்லை. அதற்கு வந்த பதில்தான் மேலே உள்ளது.

திருத்தி எழுதும்போது முதலில் அந்த 9 கணக்குகளைக் கவனிக்க வேண்டும். நாளைக்கே அவற்றுக்குப் பணம் போகலாம். பலர் இதை விட்டுவிட்டு, இனிமேல் செய்யப்போவதை மட்டும் எழுதுகிறார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“9 சப்ளையர்களுக்கும் பழைய எண்ணில் போன் செய்து, பில் பட்டுவாடா மேலாளர் (பெயர்) ஜூன் 30-க்குள் உறுதி செய்வார். அதுவரை அவர்களுக்குப் பணம் போகாது. ஜூலை 1 முதல், போன் செய்த நாள், நேரம், பேசியவர் பெயர் கொண்ட படிவம் இல்லாத எந்த மாற்றத்தையும் அவர் ஏற்கமாட்டார். இரண்டாவது ஆள் ஒப்புதல் தராமல் மாற்றம் பதிவாகாதபடி மென்பொருளை ஐடி பிரிவுத் தலைவர் (பெயர்) செப்டம்பர் 30-க்குள் மாற்றுவார்.”

மென்பொருள் வேலைக்கு மூன்று மாதம் பிடிக்கும். அந்த இடைவெளிக்குத்தான் காகிதப் படிவம். ஐடி தலைவரைக் கேட்காமல் நிதிப் பிரிவு அவர் பெயரைப் போட்டுவிடக் கூடாது. தேதியை அவரே சொல்ல வேண்டும், இல்லையென்றால் செப்டம்பரில் “எனக்குத் தெரியாதே” என்பார். ‘நிதிப் பிரிவு’ என்று துறையின் பெயரை எழுதுவதும், இரண்டு பேரைச் சேர்த்துப் போடுவதும் ஆளே போடாததற்குச் சமம். பொறுப்பைத் தணிக்கையாளர் தலையில் வைக்கவும் கூடாது. பின்னால் வந்து சோதிக்க வேண்டியவர் அவர்.

அவர் அக்டோபர் முதல் வாரமே வந்து முடித்துவிட முடியாது. புதிய முறையில் சில மாற்றங்களாவது நடந்திருந்தால்தான் அவற்றில் சிலவற்றை எடுத்துப் பார்க்க முடியும். தேதி தள்ளிப்போக நேர்ந்தால், பழைய தேதியை அழிக்காமல் பக்கத்திலேயே புதிய தேதி, காரணம், அனுமதித்தவர் பெயர் மூன்றையும் எழுத வேண்டும். ஒரே வேலைக்கு மூன்றாவது தேதி எழுத வேண்டி வந்தால், அந்தத் தாள் தணிக்கைக் குழுவின் மேசைக்குப் போக வேண்டும்.