பத்து மணி மீட்டிங்குக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்வது?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய ஐ.டி. பார்க்குகளில் வேலை பார்ப்பவர்கள் வெளியாட்களுக்கு அனுப்பும் மெயிலில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "செக்யூரிட்டி செக் இருக்கும், ஒரு பதினைந்து நிமிஷம் முன்னாடியே வந்துடுங்க." நானும் இந்த வரியைப் பலமுறை வாங்கியிருக்கிறேன், அனுப்பியும் இருக்கிறேன். அந்தப் பதினைந்து நிமிடம் எங்கிருந்து வந்தது, அது போதுமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குறிப்புதான் இது.

முதலில் ஒரு கேள்வி. பதினைந்து நிமிடம் முன்னாடி எங்கே வர வேண்டும்? அனுப்பியவர் மனதில் இருப்பது அவருடைய மாடியில் இருக்கும் ரிசப்ஷன். வருகிறவர் மனதில் இருப்பது ரோட்டோரம் இருக்கும் மெயின் கேட். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அத்தனை சோதனையும் இருக்கிறது.

வழியைப் பார்ப்போம். பல வளாகங்களில் ஆட்டோவையும் வாடகைக் காரையும் உள்ளே விடுவதில்லை. கேட்டிலேயே இறங்கி நடக்க வேண்டும். சொந்தக் கார் என்றால் டிக்கியைத் திறந்து காட்டி, வண்டிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்த பிறகு பார்க்கிங். அடுத்தது கட்டடத்தின் தரைத்தளத்தில் விசிட்டர் கவுன்ட்டர். அடையாள அட்டை, மொபைலுக்கு வரும் ஓ.டி.பி., ஒரு போட்டோ, யாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று உள்ளே ஒரு போன், அதன் பிறகு பேட்ஜ். மூன்றாவது, பை எக்ஸ்ரே மெஷினில் போகும், ஆள் மெட்டல் டிடெக்டர் வழியாகப் போவார், லேப்டாப் நோட்டில் பதிவாகும். அதன் பிறகு லிஃப்ட். மாடிக்குப் போனால் அந்த நிறுவனத்தின் சொந்த ரிசப்ஷனில் இன்னொரு பதிவு இருக்கலாம். கீழே இருப்பது கட்டடத்தின் பதிவு, மேலே இருப்பது கம்பெனியின் பதிவு. தினமும் கார்டைத் தேய்த்துவிட்டுப் போகிற நமக்கு இதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

சரி, கணக்கு. ஒரு கட்டடத்தில் இரண்டு விசிட்டர் கவுன்ட்டர்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு கவுன்ட்டரும் சேர்ந்து மூன்று நிமிடத்துக்கு இரண்டு பேரை அனுப்பும், அரை மணிக்கு 20 பேர். காலை ஒன்பதரை வரை கூட்டம் இல்லை. ஒன்பதரையிலிருந்து பத்து வரை நிமிடத்துக்கு ஒருவராக 30 பேர் வருகிறார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் மீட்டிங் பத்து மணிக்குத்தான். பத்து மணிக்கு 20 பேர் போயிருப்பார்கள், 10 பேர் வரிசையில் நிற்பார்கள். பத்தாவது ஆளுக்குப் பின்னால் போய் நிற்பவர் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

மற்றவற்றுக்கும் நேரம் போடுவோம். கேட்டிலிருந்து கவுன்ட்டருக்கு நடை 7 நிமிடம், பை சோதனையும் லேப்டாப் பதிவும் 5, காலை நெரிசலில் லிஃப்ட் 5, மாடி ரிசப்ஷனில் 5.

நாம் சொன்னதை மதித்து ஒருவர் சரியாக 9:45க்கு கேட்டுக்கு வந்துவிட்டார். கவுன்ட்டருக்கு 9:52. அதற்குள் 22 பேர் வந்திருப்பார்கள், 15 பேர் போயிருப்பார்கள், இவருக்கு முன்னால் ஏழு பேர். சுமார் 11 நிமிடம் நின்று, தன் பதிவை முடிக்கும்போது மணி 10:06. பை முடிந்து 10:11, லிஃப்ட் 10:16, அறைக்குள் நுழையும்போது 10:21. நேரத்துக்கு வந்தும் இருபத்தோரு நிமிடம் லேட்.

அதே ஆள் 9:20க்கு கேட்டுக்கு வந்திருந்தால்? கவுன்ட்டருக்கு 9:27. வரிசையே இல்லை. 9:30க்கு பேட்ஜ் கையில், 9:45க்கு அறையில். கேட்டுக்கு 25 நிமிடம் முன்னால் வந்ததில் மாடிக்கு 36 நிமிடம் முன்னால் போய்விட்டார். கவனிக்க வேண்டியது இதைத்தான். சோதனைக்கு ஆகும் நேரம் மாறவில்லை, நின்ற நேரம்தான் மாறியது. "செக்கிங் ரெண்டு நிமிஷம்தான் சார்" என்று நாம் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது வரிசை இல்லாத நேரத்துக்கான பதில்.

இதிலிருந்து இன்னொரு வழியும் தெரிகிறது. பத்துக்கு மேல் மூன்று நிமிடத்துக்கு ஒருவர்தான் வருகிறார் என்றால், மிச்சமிருக்கும் வரிசை பத்தரைக்குக் கரைந்துவிடும். மீட்டிங்கை பதினொரு மணிக்கு வைத்தால், 10:30க்கு கேட்டுக்கு வருபவர் 10:55க்கு மாடியில் இருப்பார். பத்து மணி மீட்டிங்குக்கு நாற்பது நிமிடம் முன்னால் வரச் சொல்ல வேண்டிய இடத்தில், பதினொரு மணிக்கு அரை மணி போதும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இது பெரிய உதவி.

இந்த எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கட்டடத்தின் எண்களைத் தெரிந்துகொள்வது கடினமில்லை. பல இடங்களில் பேட்ஜில் நேரம் அச்சாகியிருக்கும். அடுத்து வருகிற மூன்று விசிட்டர்களிடம் "கேட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பேட்ஜ் நேரத்தையும் அவர்கள் மாடிக்கு வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு மேல் ஒன்று, மதியம் ஒன்று என்று இருந்தால் நல்லது.

இப்போது வரிசை ஏன் திடீரென்று நின்றுபோகிறது என்று பார்ப்போம். ஒருவருடைய பதிவு சிக்கி ஒரு கவுன்ட்டர் மூன்று நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டால், அவருக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய மூன்றரை நிமிடம் கூடும். இரண்டு பேர் அப்படிச் சிக்கினால் ஏழு நிமிடம். நான் பார்த்தவரை சிக்குவதற்குக் காரணம் மூன்று.

ஒன்று, பெயர். நம்மூர் இனிஷியல் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். நாம் முன்பதிவில் 'எஸ். முருகன்' என்று போட்டிருப்போம். அவருடைய அட்டையில் அப்பா பெயர் விரிந்து 'முருகன் சுப்பிரமணியன்' என்று இருக்கும். கவுன்ட்டரில் தேடினால் கிடைக்காது. அட்டையில் உள்ளபடியே பெயரைக் கேட்டு வாங்கிப் பதிய வேண்டும். ஓ.டி.பி. போகும் என்பதால், அன்றைக்கு அவர் கையில் இருக்கப்போகும் மொபைல் எண்ணையும் கேட்க வேண்டும்.

இரண்டு, நாம் போனை எடுக்காதது. கவுன்ட்டரிலிருந்து அழைக்கும்போது நாம் முந்தைய மீட்டிங்கில் போனை மௌனமாக்கி வைத்திருப்போம். "சார் போன் எடுக்கல, ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் நிற்பது இன்டர்வியூவுக்கு வந்த பிள்ளையாக இருந்தால், அதன் பாதி தைரியம் அங்கேயே போய்விடும். இன்னொருவர் பெயரும் எண்ணும் கொடுத்து வைப்பதுதான் இதற்கு மருந்து.

மூன்று, லேப்டாப். இதைப் பலரும் சந்தேகப் பார்வை என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். காரணம் வேறு. இங்குள்ள ஐ.டி. பார்க்குகளில் பல சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மண்டலம் சுங்கக் கணக்கில் நாட்டின் எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படுகிறது. உள்ளே உள்ள கம்பெனிகள் தீர்வை இல்லாமல் கருவிகளைக் கொண்டுவரலாம். அந்தக் கருவி வெளியே வந்தால் இறக்குமதி மாதிரி தீர்வை கட்ட வேண்டும். ஆகவே சாயங்காலம் உங்கள் கையில் இருக்கும் லேப்டாப் உங்களுடையதுதான், காலையில் நீங்கள் கொண்டுபோனதுதான் என்று காட்ட ஒரு பதிவு வேண்டும். நுழையும்போது சீரியல் எண்ணை எழுதாமல் விட்டால், சிக்கல் வெளியே வரும்போதுதான் தெரியும். ரயிலுக்கு நேரமாகிவிட்ட விசிட்டருக்கு அது இன்னும் கொடுமை.

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் எண் பாதி அழிந்திருக்கும். கவுன்ட்டரில் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைவிட வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் இது போதும்:

```
(Get-CimInstance Win32_BIOS).SerialNumber
```

பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க்குக்குப் பல இடங்களில் அனுமதி கிடையாது, கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். டெமோ முழுவதையும் பென் டிரைவில் வைத்துக்கொண்டு வந்தவரை எவ்வளவு சீக்கிரம் வரச் சொல்லியும் பயனில்லை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மெட்டல் டிடெக்டருக்கு முன்னாலேயே காவலரிடம் சொல்லி, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆதார்தான் காட்டப்போகிறார் என்றால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட பிரதி இருக்கிறது, அதை ஏற்கிறார்களா என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது.

ரொம்ப சீக்கிரம் வருவதிலும் ஒரு தொல்லை உண்டு. சில இடங்களில் முன்பதிவில் வரும் கியூ.ஆர். பாஸ், குறித்த நேரத்துக்குச் சற்று முன்புதான் வேலை செய்யும். பத்து மணி என்று பதிந்துவிட்டு ஆளை 9:20க்கு வரச் சொன்னால், "இன்னும் டைம் ஆகல" என்று கேட்டிலேயே நிறுத்தக்கூடும். பதிவில் போட வேண்டியது அவர் கேட்டுக்கு வரும் நேரம், மீட்டிங் நேரம் அல்ல.

இவ்வளவையும் சேர்த்து இப்போது நான் அனுப்புகிற செய்தி இப்படி இருக்கிறது:

"வணக்கம் சார். நாளைக்கு 10 மணிக்கு மீட்டிங். நீங்க 9:20க்கு மெயின் கேட்டுக்கு வந்துட்டா சரியா இருக்கும். ஒன்பதரைக்கு மேல விசிட்டர் கவுன்ட்டர்ல கூட்டமாயிடும். ஆட்டோ உள்ள விடமாட்டாங்க, கேட்ல இருந்து ரெண்டாவது டவர், ஏழு நிமிஷ நடை. உங்க டிரைவிங் லைசென்ஸ்ல இருக்கற பேர்லயே பதிஞ்சிருக்கேன், அதையே எடுத்துட்டு வாங்க. லேப்டாப் சீரியல் நம்பர் குறிச்சு வச்சுக்குங்க. பென் டிரைவ் வேண்டாம், ஃபைல் எனக்கு இன்னைக்கே மெயில் பண்ணிடுங்க. நான் போன் எடுக்கலன்னா கூப்பிட இன்னொரு நம்பர் கீழ இருக்கு. சீக்கிரம் மேல வந்துட்டீங்கன்னா ஒரு காபி குடிக்கலாம்."

"பதினைந்து நிமிஷம் முன்னாடி வாங்க" என்பதைவிட இது நீளம்தான். எழுத எனக்கு மூன்று நிமிடம் ஆகிறது, கவுன்ட்டரில் ஒருவருக்கு ஆகும் அதே மூன்று நிமிடம்.