வைஃபைக்காகக் காத்திருக்கும் கல்யாணப் படங்கள்

கூகுள் போட்டோஸ் செயலியின் வலது மேல் மூலையில் சின்ன வட்டத்துக்குள் நம் முகமோ பெயரின் முதல் எழுத்தோ இருக்கும். செயலியைத் தினமும் திறப்பவர்கள்கூட அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்ப்பது அபூர்வம். தொட்டால் ஒரு வரி தெரியும். Backup complete என்றிருந்தால் கவலையில்லை. Waiting for Wi-Fi என்றோ, கணக்கில் இடம் தீர்ந்துவிட்டது என்றோ, Backup is off என்றோ இருந்தால், போனில் எடுத்த படங்கள் போனிலேயேதான் இருக்கின்றன. ‘எல்லாம் தானா ஏறிடும்’ என்று நம்பியிருக்கும் பல வீடுகளில் இந்த வரி மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

இதில் ரிப்பேர் என்று சொல்ல எதுவும் இருக்காது என்பதுதான் வேடிக்கை. போன் சரியாக இருக்கும், செயலியும் சரியாக இருக்கும். ஏதோ ஒரு அனுமதிக்காகப் படங்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். எந்த அனுமதி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

திருவாரூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் சுமார் 900 படங்கள். புகுந்த வீட்டிலிருந்து மகள் அழைத்து, “அப்பா, படமெல்லாம் ஏத்திட்டீங்களா?” என்கிறாள். “போன்லதான் இருக்கேம்மா, இன்னும் எங்க ஏத்தணும்?” என்கிறார் அவர். வட்டத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் Waiting for Wi-Fi என்று வருகிறது.

அந்த வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. எல்லாமே சிம் டேட்டாதான். செயலியோ, வைஃபை கிடைக்கும்போது மட்டும் படம் ஏற்றுவதாகத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. டேட்டா செலவாகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி. வீட்டில் வைஃபை உள்ளவருக்கு இரவோடு இரவாக எல்லாம் ஏறிவிடும். இல்லாதவருக்கு அந்த ‘வைஃபை வந்ததும்’ என்பது ஒருநாளும் வராது. பெரும்பாலானவர்கள் செல்போன் டேட்டாவிலேயே காலம் தள்ளும் நாட்டில் இந்த விதியைக் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

மகன் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அப்பாவின் போனை இணைக்கிறான். மேலே வைஃபை சின்னம் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் செயலி அதே வரியைத்தான் காட்டுகிறது. பலர் குழம்பிப்போவது இங்கேதான். ஒரு ஆண்ட்ராய்டு போன் ஹாட்ஸ்பாட் கொடுக்கும்போது, இணையும் கருவியிடம் ‘இது அளந்து காசு வாங்கும் இணைப்பு’ என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. இணைப்பு உருவாகும் நொடியில் போகும் தகவலில் ANDROID_METERED என்ற குறிப்பு இருக்கும். அதைப் பார்த்ததும் இணைந்த போன் அந்த வைஃபையையும் சிம் டேட்டா போலவே நடத்தத் தொடங்கும். இதை மாற்ற வழி உண்டு. வைஃபை அமைப்புகளில் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பக்கத்தில் உள்ள பல்சக்கரச் சின்னத்தைத் தொட்டு, Network usage அல்லது Metered என்ற பகுதியில் Treat as unmetered என்று வைத்தால் போதும். ஆனால் செலவாவது மகனின் டேட்டா என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு வழி, செயலியிலேயே சிம் டேட்டாவுக்கு அனுமதி கொடுப்பது. வட்டத்தைத் தொட்டு, போட்டோஸ் அமைப்புகளுக்குள் Backup பகுதிக்குப் போனால் Mobile data usage என்று ஒன்று இருக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா செலவு செய்யலாம் என்பதை அங்கே தேர்ந்தெடுக்கலாம். 5 எம்பி, 10 எம்பி, 30 எம்பி, வரம்பில்லை என்று படிப்படியாக இருக்கும். வீடியோவுக்குத் தனி அனுமதி. 30 எம்பி போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும். ஒரு படம் சுமார் 4 எம்பி என்றால் நாளைக்கு ஏழு படம்தான் ஏறும். 900 படமும் ஏறி முடிக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். மகளுக்கு வளைகாப்பே வந்துவிடலாம்.

எனவே அப்பா ‘வரம்பில்லை’ என்று வைக்கிறார். 900 படத்துக்கு ஏறத்தாழ 3.6 ஜிபி. தினசரி 2 ஜிபி திட்டம் என்றால் ஒரே நாளில் முடியாது. பல ப்ரீபெய்ட் திட்டங்களில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக இறங்கிவிடும். அந்த வேகத்தில் 4 எம்பி படம் ஒன்று ஏற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். செயலி உறைந்து நிற்பது போலத் தோன்றும், உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கும். கட்டுப்பாடில்லாத 5ஜி கிடைக்கும் ஊர் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. வேலை முடிந்ததும் வரம்பைப் பழையபடி குறைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்கு எடுக்கும் வீடியோ ஒரு நாள் டேட்டாவை ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

சுமார் 250 படம் ஏறியதும் மறுபடி நிற்கிறது. இந்த முறை கணக்கில் இடமில்லை என்று வருகிறது.

உடனே பலர் செய்யும் காரியம், போனில் உள்ள பழைய படங்களை அழிப்பது. அதனால் பயனில்லை என்பதோடு ஆபத்தும்கூட. நிரம்பியிருப்பது போனின் நினைவகம் அல்ல, கூகுள் கணக்கில் ஒதுக்கிய இடம். கூகுள் போட்டோஸ் செயலிக்குள்ளிருந்தே ஒரு படத்தை அழித்தால், அது போனிலிருந்தும் கணக்கிலிருந்தும் ஒன்றாகவே குப்பைத்தொட்டிக்குப் போகும். ஏற்கெனவே ஏறிய படம் அங்கே 60 நாள் இருக்கும், பிறகு போய்விடும். ஏறாத படத்துக்கு அந்த அவகாசமும் குறைவு.

ஒவ்வொரு கணக்குக்கும் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அது படங்களுக்கு மட்டும் அல்ல. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2015இல் போட்டோஸ் வந்தபோது, தரம் சற்றுக் குறைத்த படங்களை எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ள முடிந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. அதற்கு முன் அந்த முறையில் ஏற்றியவை கணக்கில் சேராது, அதன்பின் ஏற்றியவை சேரும். ‘முன்னெல்லாம் ஒழுங்கா ஏறுச்சே’ என்று பலரும் சொல்வதற்கு இதுதான் காரணம். போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் அரட்டைகளின் காப்புப் பிரதியும் முன்பு கணக்கில் சேராமல் இருந்தது, இப்போது அதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. இடம் முழுதாகத் தீர்ந்தால் படம் மட்டும் நிற்பதில்லை, புது மின்னஞ்சலும் வராது.

யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்பதை one.google.com/storage என்ற முகவரியில் பார்க்கலாம். அப்பாவின் கணக்கில் போட்டோஸ் 7, ஜிமெயில் 4, வாட்ஸ்அப் 3, டிரைவ் 1 ஜிபி என்று காட்டுகிறது. மொத்தம் 15. மீதி 650 படத்துக்கு இன்னும் 2.6 ஜிபி வேண்டும். வாட்ஸ்அப்பின் Chat backup பகுதியில் வீடியோவைச் சேர்க்க வேண்டாம் என்று வைத்து, ஒருமுறை புதிதாகக் காப்புப் பிரதி எடுத்தால், பெரிய பழைய பிரதிக்குப் பதிலாகச் சிறியது வந்து உட்காரும். குட்மார்னிங் வீடியோக்கள் மட்டும் அங்கே 2 ஜிபி பிடித்திருந்தன. அடுத்தது ஜிமெயில். தேடும் பெட்டியில் இப்படி எழுதினால் பெரிய இணைப்புள்ள கடிதங்கள் மட்டும் வரிசையாக வரும்:

```
has:attachment larger:10M
```

வேண்டாதவற்றை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். அதில் ஒரு ஜிபி தேறியது. வேண்டியது 2.6, கிடைத்தது 3.

Backup பகுதியில் தரத்தை Storage saver என்று மாற்றுவதும் உதவும். அதில் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்குச் சுருக்கப்படும், வீடியோ 1080பி தரத்துக்கு இறங்கும். வீட்டு ஆல்பத்துக்கு இது தாராளம். தொழில்முறைப் புகைப்படக்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இடமும் கிடைத்தது, டேட்டாவும் திறந்தது. ஆனாலும் சட்டைப்பையில் போன் இருக்கும்போது எண்ணிக்கை நகர மறுக்கிறது. கையில் எடுத்துச் செயலியைத் திறந்தால் உடனே ஓடுகிறது. இது பேட்டரிச் சிக்கனத்தின் வேலை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சார்ஜரில் இல்லாமல் திரை அணைந்து நெடுநேரம் அசையாமல் கிடக்கும் போன், பின்னணியில் ஓடும் செயலிகளுக்கு இணையத்தை நிறுத்திவிட்டு அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் திறந்துவிடும். சில நிறுவனங்கள் அதற்கு மேல் தங்கள் கெடுபிடியையும் சேர்க்கின்றன. ஷாவ்மி போன்களில் Autostart என்ற தனி அனுமதி உண்டு. சில போன்களில், கடைசியாகத் திறந்த செயலிகளின் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டாலே பின்னணி வேலையும் நின்றுவிடும்.

செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து App info போய், பேட்டரிப் பகுதியில் Unrestricted என்று வைக்கலாம். Battery Saver, Data Saver இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான படங்களை முதல்முறை ஏற்றுகிறவருக்கு இதைவிட எளிய வழி உண்டு. போனைச் சார்ஜரில் போட்டு, செயலியைத் திறந்தபடியே திரை அணையாமல் வைத்துவிடுவது. ஐபோனிலும் இதே கதைதான். Background App Refresh இயங்க வேண்டும், Low Power Mode அணைந்திருக்க வேண்டும், செயலியையும் இடையிடையே திறந்து பார்க்க வேண்டும்.

ஏறி முடிந்தது என்று போன் சொன்னாலும், வேறொரு கணினியிலோ மகளின் போனிலோ photos.google.com திறந்து, அப்பாவின் கணக்கில் நுழைந்து, முகூர்த்தப் படம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. போனில் இரண்டு ஜிமெயில் கணக்கு இருந்தால், படங்கள் எதிர்பாராத கணக்கில் போயிருக்கும் சங்கதியும் அப்போதுதான் வெளிப்படும். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணப் படங்கள் அங்கே இருக்காது. கேமரா எடுத்தவை மட்டுமே தானாக ஏறும். Back up device folders என்ற இடத்தில் WhatsApp Images கோப்புறையைத் தனியே இயக்கினால்தான் அவையும் ஏறத் தொடங்கும், அவற்றுக்கும் அதே 15 ஜிபியில்தான் இடம் வேண்டும்.