உங்களுக்குத் தெரியுமா? வயது நின்றால் பழங்கதை நகரும்!

'தி சிம்ப்சன்ஸ்' தொடர் 1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியபோது சிறுவன் பார்ட்டுக்கு 10 வயது, தங்கை லிசாவுக்கு 8. இன்றும் அதே வயதுதான். அவர்கள் வீட்டு டிவிதான் மாறிவிட்டது. 2009இல் புதிதாக வரைந்த தொடக்கக் காட்சியில் பழைய குண்டுப் பெட்டி போய், சுவரில் தட்டைத் திரை வந்தது.

பார்ட் வளராததற்கு முதல் காரணம் குரல். தொடர் தொடங்கும் முன்பே, 1987 முதல் அந்தச் சிறுவனுக்குப் பேசிவருபவர் நான்சி கார்ட்ரைட். பேசத் தொடங்கும்போதே அவருக்கு 29 வயது. சிறுவன் நடித்திருந்தால் சில வருடங்களில் குரல் உடைந்திருக்கும். அடுத்த காரணம் மறுஒளிபரப்பு. உள்ளூர் நிலையங்கள் பழைய பகுதிகளை எந்த வரிசையிலும் போடும். எதைப் போட்டாலும் புரிய வேண்டுமென்றால், ஒவ்வொரு கதையும் முடியும்போது குடும்பம் பழைய நிலைக்கே திரும்பியாக வேண்டும்.

நிகழ்காலத்தைக் கிண்டல் செய்யும் தொடர் என்பதால் செல்போனும் இணையமும் வந்தே தீரும். இப்படி வயது நிற்க, ஆண்டு மட்டும் ஓடுவதற்கு 'மிதக்கும் காலவரிசை' என்று பெயர். இதில் நகர்வது உண்மையில் கடந்தகாலம்தான்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1991இல் வந்த ஒரு பகுதியில் பார்ட்டின் பெற்றோர் ஹோமரும் மார்ஜும் 1974இல் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள். அதே ஆண்டின் இன்னொரு பகுதியில், 1980இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவில்தான் பார்ட் கருவாகிறான். அப்போது கணக்கு சரியாக இருந்தது. 2008 வந்தபோது 10 வயதுப் பையன் 1998வாக்கில் பிறந்திருக்க வேண்டுமே! அந்த ஆண்டு வந்த பகுதியில் அதே ஜோடி 1990களில் குழந்தை இல்லாத காதலர்கள். ஹோமர் கிரஞ்ச் இசைக்குழு நடத்துகிறார். பழைய ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். அவர்கள் நெஞ்சில் வைத்திருந்த காதல் கதையல்லவா அழிந்தது? 2021இல் வந்த கதையிலோ ஹோமர் 1990களின் பதின்வயதுப் பையன்!

எல்லாவற்றையும் இப்படி நகர்த்த முடியாது. பள்ளி முதல்வர் ஸ்கின்னர் வியட்நாம் போர்வீரர். அமெரிக்கப் படைகள் அங்கிருந்து திரும்பியது 1973இல். அன்று 18 வயது என்றாலும் 2025இல் அவருக்கு 70. இன்னும் பள்ளி நடத்துகிறார், அம்மாவும் கூடவே இருக்கிறார். ஹோமரின் அப்பா போரிட்டது இரண்டாம் உலகப் போரில். காதலைப் பத்தாண்டு தள்ளிவைக்கலாம், போரைத் தள்ளிவைக்க வழியில்லை.

காலம் உள்ளே நுழைய இன்னொரு வாசலும் உண்டு. பார்ட்டின் ஆசிரியை கிரபாப்பலுக்குக் குரல் தந்த மார்சியா வாலஸ் 2013இல் இறந்தார். தயாரிப்பாளர்கள் வேறு குரல் தேடவில்லை. ஆசிரியைக்கும் கதையிலிருந்து விடைகொடுத்தார்கள். பார்ட் இன்னும் நான்காம் வகுப்பில்தான் இருக்கிறான்.